"சிங்கப்பூர் வர்றீங்களா? விசா ஸ்பான்சர்ஷிப் வேணுமா?": ரெக்ரூட்டர் மெயிலுக்கு என்ன பதில் போடணும்?

ஆபீஸ் முடிஞ்சு பஸ்ல வரும்போது போனைத் திறந்தா ஒரு மெயில். "உங்கள் ப்ரொஃபைல் பார்த்தோம். சிங்கப்பூரில் வேலை. நீங்கள் இடம் மாறத் தயாரா? விசா ஸ்பான்சர்ஷிப் தேவையா? இப்போதைய சம்பளம் என்ன, எதிர்பார்ப்பு என்ன?" நாலே கேள்விதான். நம்மில் நிறைய பேர் அஞ்சு நிமிஷத்துல பதில் போட்டுடறோம். அந்த அஞ்சு நிமிஷத்துலதான் சில லட்சங்கள் கையை விட்டுப் போகுது. சில நேரம் வேலையே போயிடுது.

இந்தப் பதிவுல ஒரே ஒரு நாட்டை மட்டும் எடுத்துக்கறேன். புதுக்கோட்டை மாவட்டத்துல அறந்தாங்கி, ஆலங்குடி, திருமயம் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் சிங்கப்பூர்ல ஒரு மாமாவோ மச்சானோ இருப்பாங்க. திருச்சியில ஏறினா நேரா அங்க இறங்கிடலாம். "பெர்மிட்", "எஸ் பாஸ்", "ஈ பாஸ்" எல்லாம் நம்ம ஊர்ல டீக்கடை வார்த்தை. ஆனா அந்த வார்த்தைக்குப் பின்னாடி இருக்கிற கணக்கு தெரிஞ்சாதான் ரெக்ரூட்டருக்குச் சரியா பதில் எழுத முடியும்.

ஒரு ஆளை வச்சுப் பார்ப்போம்

கணக்குக்காக ஒரு தம்பியைக் கற்பனை பண்ணிக்கலாம். சொந்த ஊர் ஆலங்குடி பக்கம். வயசு 27. இன்ஜினியரிங் படிச்சுட்டு சென்னையில சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. வருஷ சி.டி.சி. 9.6 லட்சம். பி.எஃப். எல்லாம் போக கைக்கு வர்றது மாசம் சுமார் 68,000 ரூபாய். அடுத்த வருஷம் கல்யாணம் பேசிட்டு இருக்காங்க. இவருக்குத்தான் அந்த மெயில் வருது.

இவர் முதல்ல எழுதின பதில் இதுதான்: "தயார். விசா பிரச்சினை இல்லை. இப்போது 9.6 லட்சம், 50 சதவீத உயர்வு எதிர்பார்க்கிறேன்."

இந்த ரெண்டு வரியில ரெண்டு தப்பு இருக்கு. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

தப்பு 1: "விசா பிரச்சினை இல்லை"

இவர் சொல்ல வந்தது "பாஸ்போர்ட் இருக்கு, கேஸ் எதுவும் இல்லை, வர்றதுல தடை இல்லை" அப்படிங்கறது. ரெக்ரூட்டர் புரிஞ்சுக்கறது வேற. "இவர்கிட்ட ஏற்கனவே சிங்கப்பூர்ல வேலை செய்யற உரிமை இருக்கு, நிரந்தரவாசியாவோ குடிமகனாவோ இருப்பார் போல" என்று எடுத்துக்கறாங்க.

சிங்கப்பூர்ல ஈ பாஸுக்கோ எஸ் பாஸுக்கோ நாமளே விண்ணப்பிக்க முடியாது. வேலை கொடுக்கற கம்பெனியோ, அது நியமிச்ச ஏஜென்சியோதான் அங்கே இருக்கிற மனிதவள அமைச்சகத்துக்கு விண்ணப்பிக்கணும். "ஸ்பான்சர்ஷிப் வேணுமா"ன்னா அர்த்தம் இவ்வளவுதான்: "உங்களுக்காக நாங்க பாஸ் எடுக்கணுமா?" நம்ம ஊர்ல இருந்து போற எல்லாருக்கும் பதில் "ஆமாம், எடுக்கணும்". இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். மறைச்சா மூணாவது இன்டர்வியூல தெரியத்தான் போகுது. அப்போ அவங்க நேரமும் வீண், உங்க லீவும் வீண்.

இன்னொண்ணு. "முதல்ல விசிட்ல வாங்க, வந்தப்புறம் பாஸ் மாத்திக்கலாம்"னு யாராவது சொன்னா அங்கேயே நிறுத்திடுங்க. செல்லுபடியாகும் பாஸ் இல்லாம அங்க ஒரு நாள் வேலை பார்த்தாலும் அது குற்றம்.

தப்பு 2: சதவீதத்துல சம்பளம் கேட்கறது

9.6 லட்சத்துக்கு 50 சதவீதம் கூட்டினா 14.4 லட்சம். மாசம் 1,20,000 ரூபாய். கணக்கு எளிதா இருக்க ஒரு சிங்கப்பூர் டாலரை 65 ரூபாய்னு வச்சுக்கலாம். அப்போ மாசம் சுமார் 1,850 டாலர்.

இந்தத் தொகைக்கு அவருக்கு அந்த மாதிரி வேலையில பாஸே கிடைக்காது! ஏன்னா சிங்கப்பூர்ல பாஸுக்கு ஒரு சம்பளக் கீழ்வரம்பு இருக்கு. கம்பெனி அதுக்குக் கீழ சம்பளம் போட்டு விண்ணப்பிக்க முடியாது.

ஆபீஸ் வேலைக்குப் போறவங்களுக்கு ரெண்டு பாஸ்தான் முக்கியம்.

முதலாவது எம்ப்ளாய்மென்ட் பாஸ். நம்ம ஊர் பாஷையில ஈ பாஸ். 2025 ஜனவரியில இருந்து இதுக்கு மாசம் குறைஞ்சது 5,600 டாலர் நிலையான சம்பளம் வேணும். நிதித்துறைன்னா 6,200. இது 23 வயசுக்காரருக்கான வரம்பு. வயசு கூடக் கூட வரம்பும் ஏறும், 45 வயசுல 10,700 டாலர் வரைக்கும். நம்ம 27 வயசு தம்பிக்கு அது 6,500 டாலரை ஒட்டி வரும்.

ரெண்டாவது எஸ் பாஸ். 2025 செப்டம்பர்ல இருந்து குறைஞ்சது 3,300 டாலர், இதுவும் வயசோட ஏறும். இவருக்கு 3,600 டாலரை ஒட்டி.

இப்போ பாருங்க. ரெக்ரூட்டர் கையில இருக்கிறது ஈ பாஸ் வேலைன்னா, "1,850 டாலர் போதும்"னு சொல்ற ஆளைப் பார்த்து "இவருக்கு அந்த ஊர் நிலவரமே தெரியலை"ன்னு ஒதுக்கிடுவாங்க. கொஞ்சம் தந்திரமான ஆளா இருந்தா, ஈ பாஸ் தரவேண்டிய வேலைக்கு எஸ் பாஸ் அளவு சம்பளத்தை நீட்டுவாங்க. நமக்கு 3,600 டாலர்னா 2.34 லட்சம் ரூபாய். மூணு மடங்கு மாதிரி தெரியும். சந்தோஷமா கையெழுத்து போட்டுடுவோம்.

அதனால சம்பளத்தைப் பழைய சி.டி.சி.யில இருந்து ஏத்திக் கேட்காதீங்க. எந்த பாஸ் என்பதில் இருந்து ஆரம்பிங்க. இந்த வரம்புகளை அந்த அமைச்சகம் சில வருஷத்துக்கு ஒருமுறை ஏத்திக்கிட்டே வருது. அதனால பதில் போடற அன்னைக்கு mom.gov.sg போய் Self-Assessment Tool-ல உங்க வயசு, படிப்பு, சம்பளம் போட்டுப் பாருங்க. இலவசம்தான், பத்து நிமிஷ வேலை.

ரெக்ரூட்டர் ஏன் தயங்கறாங்க?

"ஸ்பான்சர்ஷிப் வேணும்"னு சொன்னதும் சில பேர் காணாமப் போயிடுவாங்க. அது உங்க திறமைக் குறைவு இல்லை. அவங்க பக்கக் கணக்கையும் பார்த்துடலாம்.

எஸ் பாஸுக்கு ஒதுக்கீடு இருக்கு. சேவைத் துறை கம்பெனியில மொத்த ஆட்கள்ல 10 சதவீதம் பேர்தான் எஸ் பாஸ்ல இருக்கலாம். 50 பேர் வேலை செஞ்சா 5 இடம். அது நிரம்பியிருந்தா நீங்க எவ்வளவு நல்ல ஆளா இருந்தாலும் எடுக்க முடியாது. அதுக்கு மேல, ஒரு எஸ் பாஸ் ஆளுக்கு மாசம் 650 டாலர் லெவி அரசுக்குக் கட்டணும். அதைக் கட்ட வேண்டியது கம்பெனி. உங்க சம்பளத்துல பிடிக்கக் கூடாது.

ஈ பாஸுக்கு ஒதுக்கீடும் இல்லை, லெவியும் இல்லை. ஆனா 2023 செப்டம்பர்ல இருந்து காம்பஸ்னு ஒரு மதிப்பெண் முறை வந்திருக்கு. 40 மதிப்பெண் எடுக்கணும். நாலு தலைப்பு இருக்கு: அந்தத் துறையோட ஒப்பிட்டா உங்க சம்பளம், உங்க படிப்பு, கம்பெனியில உங்க நாட்டுக்காரங்க எத்தனை சதவீதம், உள்ளூர்க்காரங்களுக்கு கம்பெனி எவ்வளவு வேலை கொடுக்குது. ஒவ்வொண்ணுக்கும் 0, 10 இல்லைன்னா 20. இது போக ஆள் பற்றாக்குறை உள்ள வேலைகளுக்கு போனஸ் மதிப்பெண் உண்டு.

நம்ம தம்பியை வச்சுப் பார்ப்போம். சம்பளம் கீழ்வரம்பை ஒட்டி மட்டும் இருந்தா அந்தத் தலைப்புல 0 வரலாம். டிகிரிக்கு 10. உள்ளூர் வேலைவாய்ப்புல கம்பெனி நல்லா இருந்தா 20. இதுவரைக்கும் 30. கம்பெனியில இந்தியர்கள் 25 சதவீதத்துக்குக் குறைவா, ஆனா 5 சதவீதத்துக்குக் குறையாம இருந்தா இன்னொரு 10. மொத்தம் 40, தேறிடுவார். அதே கம்பெனியில இந்தியர்கள் ஏற்கனவே 25 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா அந்த 10 கிடைக்காது. 30-லயே நின்னுடும். அப்போ சம்பளத்தை ஏத்தி அந்தத் தலைப்புல 10 வாங்கினாத்தான் தேற முடியும்.

ஆக, கூடுதல் சம்பளம் கேட்கறது சில நேரம் உங்க பாஸுக்கே உதவி செய்யும். "கம்மியா கேட்டா எடுத்துப்பாங்க"ங்கற நம்ம ஊர்க் கணக்கு இங்க தலைகீழா போகுது.

கையில என்ன மிஞ்சும்?

"தயாரா?"ங்கற கேள்விக்கு மனசுல பதில் சொல்லணும்னா மாசக் கணக்கு வேணும். எஸ் பாஸ், 3,600 டாலர்னு வச்சுக்கலாம். ஒரு தனி அறை 1,000, சாப்பாடு 500, பஸ்-ரயில் 120, மத்த செலவு 320. இதுவரைக்கும் 1,940. வருமான வரி மாசத்துக்குப் பிரிச்சா சுமார் 60. மொத்தம் 2,000. மிச்சம் 1,600 டாலர், அதாவது 1,04,000 ரூபாய்.

சென்னையில? 68,000-ல வாடகைப் பங்கு, சாப்பாடு, ஊருக்குப் போய் வர்றதுன்னு 30,000 போனா 38,000 மிஞ்சும். ஆனா அதோட பி.எஃப்.ல ரெண்டு பக்கமும் சேர்ந்து மாசம் 9,600 போய்க்கிட்டு இருக்கு. சிங்கப்பூர்ல அந்த மாதிரி சி.பி.எஃப். இருக்கு, ஆனா குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். பாஸ்ல போற நமக்குக் கிடையாது. அப்போ ஒப்பிட வேண்டியது 1,04,000-ஐயும் 47,600-ஐயும். இன்னும் ரெண்டு மடங்குக்கு மேலதான். ஆனா "சம்பளம் மூணு மடங்கு"ன்னு நினைச்சது, மிச்சத்துல சுமார் ரெண்டு மடங்காச்சு.

ஈ பாஸ், 6,600 டாலர்னா அதே செலவுக்கு வரி சுமார் 270. மிச்சம் கிட்டத்தட்ட 4,390 டாலர், 2.85 லட்சம் ரூபாய். ரெண்டு பாஸுக்கும் இடையில மாசம் 1.8 லட்சம் வித்தியாசம். "எந்த பாஸ்?"னு ஒரு வார்த்தை கேட்காததோட விலை அவ்வளவு.

இங்க ரெண்டு விஷயம் கவனிங்க. அங்க நம்ம ஊர் மாதிரி மாசாமாசம் டி.டி.எஸ். பிடிக்கறது வழக்கமில்லை. வரி பில் அடுத்த வருஷம் வரும். அந்த 60-ஐயோ 270-ஐயோ தனியா எடுத்து வைக்கலைன்னா மொத்தமா வந்து நிக்கும். ரெண்டாவது, எஸ் பாஸ்காரருக்கு கம்பெனி மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆகணும். வருஷத்துக்குக் குறைஞ்சது 60,000 டாலர். ஈ பாஸ்காரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால சம்பளம் பெருசா இருக்குன்னு விட்டுடாம, காப்பீடு இருக்கான்னு கேளுங்க.

அப்புறம் கல்யாணம். மனைவியை டிபெண்டன்ட் பாஸ்ல கூட்டிட்டுப் போக நிலையான மாசச் சம்பளம் குறைஞ்சது 6,000 டாலர் வேணும். அப்பா, அம்மாவை நீண்ட கால விசாவுல கூட்டி வர 12,000. 3,600-க்குக் கையெழுத்து போட்டா, கல்யாணம் ஆன புதுப்பொண்ணு ஆலங்குடியில, இவர் சிங்கப்பூர்ல. அது சரின்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணினா பரவாயில்லை. தெரியாம போய் மாட்டிக்கறதுதான் வேதனை.

இப்போ பதிலை எழுதுவோம்

நீங்க ஆங்கிலத்துலதான் அனுப்புவீங்க. உள்ளே இருக்க வேண்டிய விஷயம் இதுதான்:

"வணக்கம். சிங்கப்பூருக்கு இடம் மாறத் தயாராக இருக்கிறேன். நோட்டீஸ் பீரியட் 60 நாள். பாஸுக்கு அனுமதி கிடைத்த தேதியிலிருந்து அதைக் கணக்கிட வேண்டுகிறேன்.

நான் இந்தியக் குடிமகன். எனக்கு வேலை பாஸ் ஸ்பான்சர்ஷிப் தேவை. டிகிரி சான்றிதழ்கள் கையில் உள்ளன, சரிபார்ப்புக்கு ஒத்துழைப்பேன்.

எதிர்பார்ப்பைச் சொல்லும் முன் மூன்று விவரங்கள் தெரிந்தால் நல்லது. இந்த வேலைக்குக் கம்பெனி எந்த பாஸுக்கு விண்ணப்பிக்கத் திட்டமிட்டுள்ளது? அலவன்ஸ், போனஸ் தவிர்த்து நிலையான மாதச் சம்பளம் எந்த வரம்பில் உள்ளது? விமான டிக்கெட், முதல் மாதத் தங்குமிடம், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றில் கம்பெனி எதை ஏற்கும்?

என் அனுபவத்துக்கும் வயதுக்கும் எம்ப்ளாய்மென்ட் பாஸ் வரம்புக்குள் வரும் வேலையையே முதலில் எதிர்பார்க்கிறேன்."

பழைய சி.டி.சி. இதுல இல்லை பாருங்க. திரும்பக் கேட்டா பொய் சொல்ல வேண்டாம், உண்மையைச் சொல்லிடுங்க. ஆனா முதல் மெயில்ல அதை வச்சுப் பேரத்தை ஆரம்பிக்காதீங்க. கடைசி வரியை உங்க நிலைமைக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம். தனியா மூணு வருஷம் இருந்து கல்விக்கடனை அடைச்சா போதும்னு இருக்கிறவருக்கு எஸ் பாஸும் நல்ல முடிவுதான்.

விமான டிக்கெட், தங்குமிடம் கேட்கறதுக்கும் காரணம் இருக்கு. வீடு வாடகைக்கு எடுத்தா முதல் மாச வாடகையோட டெபாசிட்டும் சேர்த்துக் கட்டணும். முதல் சம்பளம் வர ஒரு மாசம் ஆகும். அதுவரைக்குமான செலவோட சேர்த்தா 3,000 டாலர், கிட்டத்தட்ட 2 லட்சம் ரூபாய் கையில வேணும். கம்பெனி தரலைன்னா அதை இப்போவே சேர்க்க ஆரம்பிக்கணும். பர்சனல் லோன் போட்டுப் போகாதீங்க.

அவங்க பதில்ல எதைப் பார்க்கணும்?

நல்ல ரெக்ரூட்டர் பாஸ் பேரையும் சம்பள வரம்பையும் நேரடியா சொல்லுவார். "கம்பெனிகிட்ட கேட்டுச் சொல்றேன்"னாலும் சரிதான். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல பாஸ்போர்ட் காப்பி அனுப்புங்க"ன்னா கொஞ்சம் நிதானிங்க.

"எஸ் பாஸுக்கு இத்தனை லட்சம் ஆகும்"னு வந்தா, நம்ம மாவட்டத்துல பல குடும்பம் நகையை அடகு வச்சுக் கொடுத்த பணம் அது. வேலை தர்றதுக்காக கம்பெனி ஆளுகிட்ட பணம் வாங்கறது சிங்கப்பூர் சட்டப்படி குற்றம். 30,000 டாலர் வரை அபராதம், ரெண்டு வருஷம் வரை சிறை உண்டு. இங்க இந்தியாவுல, 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். ஏஜென்ட் பேர் emigrate.gov.in-ல இருக்கான்னு பாருங்க. சிங்கப்பூர் ஏஜென்சின்னா அந்த அமைச்சகத் தளத்துல லைசென்ஸ் பட்டியல் இருக்கு.

கடைசியா ஒண்ணு. ஆஃபர் லெட்டர் வந்த உடனே ராஜினாமா பண்ணாதீங்க. ஆஃபர் வேற, பாஸ் அனுமதி வேற. விண்ணப்பம் ஏத்துக்கப்பட்டா ஐ.பி.ஏ.ன்னு ஒரு கடிதம் வரும். அதுல போட்டிருக்கிற சம்பளமும் ஆஃபர்ல இருக்கிற சம்பளமும் ஒண்ணான்னு பாருங்க. கடிதம் உண்மைதானான்னு mom.gov.sg-ல நிலையைச் சரிபாருங்க. ரெண்டும் ஒத்துப்போனாதான் மேனேஜர்கிட்ட பேசணும். "சீக்கிரம் பேப்பர் போடுங்க, பாஸ் கண்டிப்பா வந்துடும்"னு அவசரப்படுத்தினா, முன்னாடி எழுதின மெயிலைத் திரும்ப எடுங்க. "அனுமதி கிடைத்த தேதியிலிருந்து" அப்படின்னு முதல் பத்தியிலேயே எழுதி வச்சோமே, அது இதுக்காகத்தான்.

இந்த வாரம் யாருக்காவது அப்படி ஒரு மெயில் வந்திருந்தா, பதில் போடறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல மூணு எண் எழுதிக்கோங்க: உங்க வயசுக்கான ஈ பாஸ் வரம்பு, எஸ் பாஸ் வரம்பு, இப்போ மாசம் உங்களுக்கு உண்மையில மிஞ்சறது. அந்த எண்களை மனசுல வச்சுட்டு மெயிலை எழுதுங்க. துபாய், ஜெர்மனி பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க. அங்க விதிகளே வேற, அதைத் தனியா ஒரு வீடியோவுல பார்ப்போம்.